கறுப்புப் பட்டைக்கு அடியில் இருக்கும் பெயர்

கேட்கப்பட்ட ஆவணத்தில் வெளியிடத்தகாத பகுதி ஏதேனும் இருப்பின், அப்பகுதியைப் பிரித்து நீக்கிவிட்டு எஞ்சியதை வழங்கலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. எந்த முறையில் நீக்க வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. தாளில் வேலை நடந்த காலத்தில் அலுவலகங்கள் அதற்கென ஒரு வழக்கம் வைத்திருந்தன: நகலில் பெயரின் மேல் கறுப்பு மை பூசி, மை பூசிய தாளை மீண்டும் ஜெராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாம் நகலையே மனுதாரருக்குக் கொடுத்தனர். மை பூசிய முதல் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எழுத்து தெரியக்கூடும். இரண்டாம் நகலிலோ கறுப்புக்கு அடியில் எதுவுமே இல்லை. பெயரை உண்மையில் அழித்தது மையன்று, மறுநகலே. கணினித் திரையில் இதே வேலையைச் செய்வோர் முதல் படியோடு நின்றுவிடுவதால்தான் மறைத்த பெயர்கள் மீண்டும் வெளிவருகின்றன.

குன்றத்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஐயப்பன்தாங்கலில் வழங்கப்பட்ட ஒரு நலத்திட்ட உதவிக்கான விண்ணப்பப் படிவங்களின் நகலை ஒருவர் கேட்பதாகவும், விண்ணப்பதாரரின் பெயரை மறைத்துப் படிவத்தை பிடிஎஃப் கோப்பாக அனுப்ப அலுவலகம் முடிவு செய்வதாகவும் வைத்துக்கொண்டால், எழுத்தர் வழக்கமாகச் செய்வது, ஸ்கேன் செய்த கோப்பைத் திறந்து பெயரின் மேல் கறுப்புக் கட்டம் ஒன்றை வரைந்து சேமிப்பதாகும். திரையில் பார்ப்பவருக்கு வேலை முடிந்ததாகவே தோன்றும். எனினும் அந்தக் கோப்பில் பெயர் குறைந்தது மூன்று இடங்களில் தங்கியிருக்கக்கூடும்.

முதலாவது, எழுத்து அடுக்கு. ஸ்கேனர்கள் பலவும் படத்தோடு நிற்காமல், படத்திலுள்ள எழுத்துகளைத் தாமே படித்து (இதனை ஓசிஆர் என்பர்), தேடுவதற்கு வசதியாகக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக அதே பக்கத்தில் பதித்துவைக்கின்றன. கட்டம் படத்தை மறைத்தாலும் இந்த எழுத்து அப்படியே இருப்பதால், பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டினால் பெயர் வந்துவிடும். இரண்டாவது, படமே. வரைந்த கட்டம் படத்தின் மேல் மிதக்கும் தனிப் பொருளாதலால், அதனைத் தேர்ந்து நீக்கலாம். நீக்காமலேயே உள்ளிருக்கும் மூலப்படத்தைத் தனியே உருவியும் எடுக்கலாம். மூன்றாவது, கோப்பின் பழைய வடிவம். திருத்திச் சேமிக்கும்போது மென்பொருள்கள் பல பழைய பகுதியைத் தொடாமல், திருத்தத்தை மட்டும் கோப்பின் இறுதியில் சேர்க்கின்றன. அந்த வாலை வெட்டினால் திருத்துவதற்கு முந்தைய கோப்பு கிடைத்துவிடும்.

இவற்றுள் முதல் பிழை உலகறிந்தது. 2019 ஜனவரி 8 அன்று, அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் கறுப்புப் பட்டைகளால் மறைத்திருந்த வரிகளைச் செய்தியாளர்கள் நகலெடுத்து ஒட்டியே படித்தனர். 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி ஒப்பந்தத்திலோ, பக்கங்களில் மறைத்த சில பகுதிகள் பிடிஎஃப் கோப்பின் பக்கக்குறிப் பட்டியலில் மறைக்கப்படாமலே இருந்தன. பக்கத்தைத் துடைத்தும், கோப்பைப் பற்றிய தகவலைச் சுமக்கும் பகுதியைத் துடைக்காமல் விட்டதன் விளைவு அது.

கோப்பைப் பற்றிய அத்தகைய தகவலே மெட்டாடேட்டா எனப்படுகிறது. தலைப்பு, உருவாக்கியவர், நாள் முதலியன அதில் அடங்கும். விண்ணப்பதாரரின் பெயரையே கோப்புக்குப் பெயராக வைக்கும் வழக்கமுள்ள அலுவலகங்களில் அப்பெயர் தலைப்பிலும் ஏறிவிடுவதுண்டு. படிவத்தைக் கைப்பேசியில் படமெடுத்திருந்தால், முழுப்படத்தின் சிறு முன்னோட்டமும் எடுத்த இடத்தின் குறிப்பும் அதனுள் இருக்கலாம். exiftool என்னும் கருவி இவற்றை அழிக்கப் பயன்படுகிறதெனினும், பிடிஎஃப் கோப்பில் அது செய்யும் அழிப்பு மேற்சொன்ன வால்சேர்ப்பு முறையிலேயே நிகழ்வதால், அழித்ததைத் திரும்பப் பெற முடியும் என்று அக்கருவியின் கையேடே எச்சரிக்கிறது.

ஆகவே, பழைய கோப்பைத் துடைப்பதைவிட, அதிலிருந்து வெறும் படத்தை மட்டும் எடுத்துப் புதுக்கோப்பு செய்வதே பாதுகாப்பானது. இரண்டாம் ஜெராக்ஸுக்கு இணையானது இதுவே. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஏ4 தாள் 2480 புள்ளி அகலமும் 3508 புள்ளி உயரமும் கொண்ட படமாகும். அதில் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 118 புள்ளி. பெயர்க்கட்டம் இடமிருந்து 5, மேலிருந்து 6 சென்டிமீட்டரில் தொடங்கி, 9 சென்டிமீட்டர் அகலமும் 1 சென்டிமீட்டர் உயரமும் உடையதாயின், ஒரு பக்கப் படிவத்துக்குக் கட்டளைகள் பின்வருமாறு அமையும்:

```
pdftoppm -r 300 -png vinnappam.pdf pakkam
magick pakkam-1.png -fill black -draw "rectangle 591,709 1654,827" -strip maraippu.png
img2pdf maraippu.png -o veliyeedu.pdf
```

முதல் கட்டளை பக்கத்தைப் படமாக்குகிறது. இரண்டாவது, பெயர் இருந்த புள்ளிகளின் நிறத்தையே கறுப்பாக மாற்றி, படத்தோடு ஒட்டிவந்த குறிப்புகளை நீக்குகிறது. மூன்றாவது, அப்படத்தைப் புதிய பிடிஎஃப் ஆக்குகிறது. தேடும் வசதி வேண்டுமெனில் மறைத்து முடித்த படத்தின் மீதே ஓசிஆர் செய்ய வேண்டும். முன்பு செய்த ஓசிஆரைப் பயன்படுத்தலாகாது. கட்டம் முழுக்கறுப்பாக இருப்பதும் இன்றியமையாதது. கைப்பேசியின் மார்க்கர் தூரிகை சற்றே ஒளி ஊடுருவுவதாதலால், வெளிச்சத்தை ஏற்றினால் எழுத்து தெரிந்துவிடும்; கட்டங்கட்டமாகக் கலங்கடிக்கும் முறையிலோ, சாத்தியமான பெயர்களை அதே விதமாகக் கலங்கடித்து ஒப்பிட்டு உண்மைப் பெயரை ஊகிக்க இயலும்.

அனுப்புவதற்கு முன் சோதனை வேண்டும்:

```
pdftotext veliyeedu.pdf -
pdfimages -list veliyeedu.pdf
exiftool veliyeedu.pdf
```

ஓசிஆர் செய்யாத கோப்பாயின் முதல் கட்டளை எந்த எழுத்தையும் காட்டக் கூடாது. இரண்டாவது, பக்கத்துக்கு ஒரு படம் மட்டுமே உள்ளது எனக் காட்ட வேண்டும். மூன்றாவதில் கோப்பின் அளவு, நாள், தயாரித்த மென்பொருள் போன்ற பொதுவிவரங்களைத் தவிர ஆளைக் குறிப்பது எதுவும் இருக்கலாகாது.

எந்தக் கட்டளையும் கண்டுபிடிக்காத ஒன்று எஞ்சுகிறது: பெயரோ ஆளைக் காட்டும் பிற அடையாளமோ அதே பக்கத்தில் வேறிடங்களிலும் இணைப்புகளிலும் இருக்கலாம். கையொப்பம், தந்தை பெயர், தாளின் பின்புறத்திலிருந்து ஊறித் தெரியும் எழுத்து, அலுவலகக் குறிப்பு ஆகியவற்றோடு, இணைத்த ஆதார் நகலின் க்யூஆர் குறியீட்டையும் மறைத்தாக வேண்டும். ஏனெனில் அக்குறியீட்டிலேயே பெயரும் பிறந்த நாளும் முகவரியும் அடங்கியுள்ளன. கட்டத்தின் நீளம் பெயரின் நீளத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், எல்லாப் படிவங்களிலும் ஒரே அளவுக் கட்டத்தையே இடுவது நல்லது.

வெளியே சென்ற கோப்பைத் திரும்ப அழைக்க வழியில்லை. அண்ணா பல்கலைக்கழக மாணவி அளித்த புகாரின் முதல் தகவல் அறிக்கை 2024 டிசம்பரில் அடையாள விவரங்களோடு பரவியது. அங்கே காரணம் பட்டையின் பிழையன்று, ஆவணத்தை வெளியார் பார்க்க முடிந்ததே. சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் 28 அன்று அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பரவிய நகல்களைத் திரும்பப் பெறும் உத்தரவு எதுவும் பயன்தராது. எனவே படிவத்தை வெளியிடும் அலுவலர், மூலக்கோப்பைத் தனியே பூட்டிவைத்து, மறைத்த புதுக்கோப்பை வேறொருவரிடம் கொடுத்து, அதிலிருந்து பெயரை மீட்டுத் தருமாறு கேட்க வேண்டும். அவரால் முடியாதபோது மட்டுமே கோப்பு அலுவலகத்தை விட்டுச் செல்லலாம்.