கழுத்துக் குழாயோடு வீடு திரும்பியவர்

தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், பக்கவாதத்தில் விழுங்கும் திறனை இழந்தவர்கள், தொண்டைப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எனப் பலர் கழுத்தில் ஒரு குழாயோடு வீடு திரும்புகிறார்கள். டிரக்கியாஸ்டமி என்பது அதன் பெயர். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயில் ஒரு துளை போட்டு, வளைந்த குழாய் ஒன்றை அதில் பொருத்தியிருப்பார்கள். மூச்சு அதன் வழியாகத்தான் போய் வரும். டிஸ்சார்ஜ் அன்று சக்ஷன் மெஷினை எப்படி இயக்குவது என்று சிஸ்டர் சொல்லிக்கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் குடும்பத்தின் கவனம் முழுக்க அந்த மெஷின் மேலேயே இருக்கும். ஆனால் வீட்டில் அதிகம் பயப்பட வேண்டிய காய்ந்த சளியை மெஷினால் இழுக்க முடியாது.

நாம் இழுக்கும் காற்றை மூக்கு வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டித்தான் நுரையீரலுக்கு அனுப்புகிறது. கழுத்து வழியாக மூச்சு விடுபவருக்கு அந்த மூக்கு கணக்கிலேயே இல்லை. ஃபேன் காற்றும் ஏசி காற்றும் வறண்டபடியே நேராக உள்ளே போகின்றன. நீர்த்துப்போய் இருமலில் எளிதாக வர வேண்டிய சளி முதலில் பிசினாகிறது, பிறகு குழாயின் உட்சுவரில் பொருக்காக ஒட்டுகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு படலம் ஏறி, மூச்சு போகும் வழி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். படுத்தே இருப்பவருக்கு அதிகக் காற்று தேவைப்படாததால், பாதி அடைத்த குழாயிலும் அவர் அமைதியாகத்தான் தெரிவார். ஒரு சளிக்கட்டி வந்து மீதிப் பாதியை அடைக்கும் நிமிடத்தில்தான் விஷயம் வெளியே வரும்.

அதனால் முதல் வேலை ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வது. குழாயின் வாயில் மாட்டும் சிறிய வடிகட்டி ஒன்று கிடைக்கிறது. செயற்கை மூக்கு என்பார்கள். வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைத்து, உள்ளிழுக்கும்போது திருப்பித் தரும். தினமும் ஒன்று மாற்ற வேண்டும், சளி பட்டால் உடனே மாற்ற வேண்டும். அது கட்டுப்படியாகாத வீடுகளில், சலைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த காஸ் துணியை ஓரிரு மடிப்பாகக் குழாய்க்கு முன்னால் தொங்கவிடுவார்கள். அது காயக் காய மாற்ற வேண்டும். காய்ந்த துணியால் பயனில்லை. நெபுலைசரில் வெறும் சலைன் எத்தனை வேளை, மூக்குக் குழாய் வழியாக நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, முகப் பவுடர் எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

சக்ஷன் செய்வது சளி இருக்கும்போது மட்டும்தான். குழாயில் களகளவென்று சத்தம் கேட்பது, வாயில் சளி தெரிவது, மூச்சு வாங்குவது, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவி வழக்கத்தைவிடக் குறைத்துக் காட்டுவது, இவைதான் அடையாளங்கள். மணிக்கொரு தரம் என்று கடிகாரம் பார்த்து இழுத்தால் மூச்சுக்குழாயின் மென்தோல் புண்ணாகி, சளி இன்னும் கூடும். அவரால் இருமித் தள்ள முடிந்தால் முதலில் இருமச் சொல்லுங்கள்.

சக்ஷன் கதீட்டரின் பருமன் முக்கியம். கழுத்துக் குழாயின் உட்புற விட்டத்தில் பாதிக்கு மேல் அது இருக்கக் கூடாது. 8 மில்லிமீட்டர் குழாய்க்கு 12-ம் எண், 7 மில்லிமீட்டருக்கு 10-ம் எண். பெரிதாகப் போட்டால் சீக்கிரம் இழுக்கும் என்று நினைத்து 14 வாங்கி வருபவர்கள் உண்டு. கதீட்டர் குழாயை நிறைத்துக்கொண்டால் பக்கத்தில் காற்று நுழைய இடமிருக்காது. சளியோடு நுரையீரலின் காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே அளவிலான மாற்றுக் குழாய்க்குள் கதீட்டரை விட்டு, நுனியில் உள்ள ஓட்டைகள் அடுத்த முனையில் சற்றே வெளியே தெரியும் இடத்தில் நிறுத்தி, அந்த நீளத்தைப் பேனாவால் ஓர் அட்டையில் குறித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தினசரி சக்ஷனுக்கு அதற்கு மேல் போக வேண்டியதில்லை. கை கழுவி, கையுறை போட்டு, மெஷினின் அழுத்தத்தை 100 முதல் 120-க்குள் வையுங்கள். இது பெரியவர்களுக்கான அளவு. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. கதீட்டர் உள்ளே போகும்போது கட்டைவிரல் துளை திறந்தே இருக்கட்டும். குறித்த ஆழம் வந்ததும் துளையை மூடி, மெதுவாக வெளியே எடுங்கள். உள்ளே போனது முதல் வெளியே வருவது வரை பத்து விநாடிக்குள் முடிய வேண்டும். இதைச் செய்பவர் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டால் அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும். அரை நிமிடமாவது விட்டு, முகத்தைப் பார்த்து, தேவையென்றால் மறுபடி செய்யலாம். ஒரே அமர்வில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். கடைசியில் அதே கதீட்டரால் வாயில் தேங்கிய எச்சிலை எடுக்கலாம். வாய்க்குள் போனது மறுபடி கழுத்துக்குள் மட்டும் போகவே கூடாது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய உள் குழாய்க்கு வருகிறேன். பெரியவர்களுக்கான பல குழாய்கள் இரட்டையானவை. வெளிக்குழாய் கழுத்தில் நாடாவால் கட்டப்பட்டிருக்கும். அதற்குள் கழற்றி மாட்டக்கூடிய இன்னொன்று இருக்கும். சளி பொருக்கு கட்டுவது உள்ளே இருப்பதில்தான். அதைக் கழற்றிவிட்டால் வெளிக்குழாயின் சுத்தமான பாதை திறந்துவிடும். அவ்வளவு அருமையான ஏற்பாடு இது, ஆனால் கழற்றத் தெரியாமலேயே பலர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். உங்கள் நோயாளியின் குழாயில் உள் குழாய் இருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். இருந்தால் சிஸ்டர் முன்னிலையில் உங்கள் கையாலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள்.

ஒரு கையால் கழுத்தோடு ஒட்டியிருக்கும் பட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் பூட்டைத் திருப்பி, குழாயின் வளைவுப்படியே முன்னும் கீழுமாக வெளியே எடுக்க வேண்டும். சுத்தமான இன்னொரு உள் குழாயை உடனே போட்டுப் பூட்டிவிடுங்கள். சில வகைகளில் ஆம்பு பை மாட்டும் முனையே உள் குழாயில்தான் இருக்கிறது. அதனால் உபரி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எடுத்ததை வெதுவெதுப்பான சோப்பு நீரில் சிறு பிரஷ் விட்டுத் தேய்த்து, காய்ச்சி ஆறிய நீரில் அலசி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் நிழல் தெரிந்தால் பொருக்கு இன்னும் இருக்கிறது. ஈரம் போக உலர்த்தி, மூடிபோட்ட டப்பாவில் வைக்கலாம். இரவெல்லாம் ஊறப்போடாதீர்கள். உலோகக் குழாயைக் கொதிக்க வைக்கலாம். பிளாஸ்டிக்கைக் கொதிக்க வைத்தால் உருமாறிவிடும். நாளுக்கு இரண்டு மூன்று முறை இதைச் செய்ய வேண்டும். சளி அதிகமானால் அதற்கும் மேல்.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். பைக் விபத்தில் தலையில் அடிபட்ட ஐம்பது வயதுக்காரர். 8 மில்லிமீட்டர் இரட்டைக் குழாய். உடன் மனைவியும் மகனும். நள்ளிரவுக்கு மேல் அவர் தலையை ஆட்டுகிறார். குரல் வராது என்பதால் கட்டிலில் கட்டியிருக்கும் மணியைத் தட்டுகிறார். நாசி விரிகிறது, கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குகிறது, குழாயில் மெல்லிய விசில் சத்தம். ஆக்ஸிஜன் 96-லிருந்து 87-க்கு வந்துவிட்டது. மகன் கதீட்டரை விடுகிறான். குறித்த அளவில் பாதிகூடப் போகவில்லை, முட்டி நிற்கிறது.

"அழுத்தத்த கூட்டுடா," என்கிறார் தாய்.

"வேணாம்மா. நீ 108-க்குப் போன் போடு, நான் உள் குழாயைக் கழட்டுறேன்."

அவன் செய்ததுதான் சரி. முட்டி நின்றால் தள்ளக் கூடாது. அழுத்தத்தைக் கூட்டவும் கூடாது. பழுப்புப் பொருக்கு அப்பிய உள் குழாய் வெளியே வந்ததும் காற்றுச் சத்தம் கேட்கிறது. குழாய் வாய்க்கு நேரே உள்ளங்கையை வைத்தால் மூச்சு படுகிறது. வெளிக்குழாய் வழியாகவே ஒரு முறை சக்ஷன் செய்து, சுத்தமான உள் குழாயை மாட்டுகிறான். எண் மெல்ல ஏறுகிறது.

உள் குழாயை எடுத்தும் காற்று படவில்லை என்றால்? குழாயின் நுனியில் காற்றடைத்த பலூன் இருக்கும் வகையாக இருந்தால், சிரிஞ்சால் அந்தக் காற்றை இறக்கிவிடுங்கள். குழாயைச் சுற்றியாவது மூச்சு போகலாம். அதற்கும் வழி திறக்கவில்லை, அவர் திணறுகிறார் என்றால் முழுக் குழாயையும் எடுத்துவிட வேண்டும். கேட்கவே பதறும். ஆனாலும் அடைத்த குழாயைவிடத் திறந்த துளை மேலானது. தோளுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கழுத்தை நிமிர்த்தி, வழிகாட்டிக் குச்சி போட்ட மாற்றுக் குழாயைத் துளையில் விட்டு, குச்சியை அந்தக் கணமே உருவ வேண்டும். உருவ மறந்தால் அதுவே அடைப்பு. போகவில்லை என்றால் ஒரு சுற்றுச் சிறிய குழாய். அதுவும் போகவில்லை என்றால் குத்திப் போராடாமல் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆக்ஸிஜன் கொடுத்தபடி ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். இருமலில் குழாய் தானாகவே வெளியே வந்துவிட்டாலும் இதே முறைதான். துளை போட்ட முதல் ஒரு வாரத்தில் பாதை இறுகியிருக்காது, ஆகவே அப்போது குழாயைத் தொடுவது டாக்டரின் வேலை. ஒரு வாரம் தாண்டியவர்களுக்கும், இதை மருத்துவமனையில் செய்து பழகியவர் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும்.

குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டவர்களுக்கு வாயும் மூக்கும் நுரையீரலோடு தொடர்பே இல்லாதவை. அவர்களுக்கு ஆக்ஸிஜனும் செயற்கைச் சுவாசமும் கழுத்து வழியாக மட்டும்தான். ஆம்புலன்ஸில் வருபவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, எனவே கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பேசுவதற்கான வால்வு தரப்பட்டிருந்தால், பலூனில் காற்று இருக்கும்போது அதை மாட்டவே கூடாது. மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது.

சளியில் ஓரிரு சிவப்புக் கீற்று தெரிந்தால் சக்ஷன் முரட்டுத்தனமாக இருந்திருக்கலாம், கவனித்தால் போதும். பளிச்சென்று ரத்தம் வந்தால், தானாக நின்றுவிட்டாலும், அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுக்குழாயின் முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயைக் கழுத்துக் குழாய் அரிக்கும்போது, பெரிய ரத்தப்போக்குக்கு முன்பு இப்படிச் சிறிதாக வந்து நிற்பதுண்டு. குழாய் போட்ட முதல் சில வாரங்களில் இந்த ஆபத்து அதிகம். சளி பச்சையாகி நாற்றமெடுத்துக் காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அன்றே காட்ட வேண்டும். கொடுத்த பாலோ கஞ்சியோ சக்ஷனில் வந்தால் உணவு தவறிப் போகிறது என்று அர்த்தம். ஊட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் போகும் ஊர்களில், பேட்டரியிலும் ஓடும் மெஷினோ காலால் மிதிக்கும் சக்ஷன் பம்போ தேவை. இரண்டும் இல்லாத நேரத்தில், கதீட்டரைப் பொருத்திய 50 மில்லி சிரிஞ்சை இழுத்தும் ஓரளவு சளி எடுக்கலாம். மாற்றுக் குழாய், ஒரு சுற்றுச் சிறிய குழாய், வழிகாட்டிக் குச்சி, உபரி உள் குழாய், நாடா, கத்தரி, சிரிஞ்ச், ஆம்பு பை, டார்ச் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிலில் மாட்டிவையுங்கள். அவர் பரிசோதனைக்கு வெளியே போனாலும் பை கூடவே போக வேண்டும். புதிய நாடா கட்டியதும், நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையே ஒன்று அல்லது இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். அதைவிடத் தளர்வாக இருந்தால் குழாய் கழன்றுவிடலாம். ஒன்றுமே நுழையாவிட்டால் தோல் புண்ணாகும். பழைய நாடாவை அவிழ்த்த பிறகு புதியதைக் கட்டும் வரை, இன்னொருவர் குழாயிலிருந்து கையை எடுக்கக் கூடாது.