சோற்றோடு சேராத மாத்திரை

டயாலிசிஸுக்கு வருபவர்களில் பலர் முதலில் சொல்வது அரிப்பைத்தான். இரவெல்லாம் சொறிந்து கையிலும் முதுகிலும் கோடு கோடாகப் புண்ணாகியிருக்கும். அதற்குள் வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று, மருந்துக் கடையில் ஒரு களிம்பும் வாங்கிப் போட்டாயிற்று. இரத்தத்தைச் சோதித்தால் பாஸ்பரஸ் 7, 8 என்று நிற்கிறது. இருக்க வேண்டியது சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை. அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த அளவைப் பார்த்ததும் நான் கேட்பது ஒரே கேள்வி: "சாப்பாட்டோடு போடச் சொன்ன மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?"

பதிலைக் கேட்டால் மனம் சோர்ந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் என்பார்கள், படுக்கப் போகும்போது என்பார்கள், அரிப்பு வந்தால் மட்டும் என்பார்கள்.

செவிலிமேட்டு நெசவாளர் ஒருவர்

வயது ஐம்பதைத் தாண்டியவர், பட்டுத்தறி நெசவாளி. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கால்சியம் அசிடேட் 667 மி.கி. மாத்திரை, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் ஒன்று என்று எழுதியிருந்தது. அவரோ தறியில் உட்காருவதற்கு முன், விடியற்காலையிலேயே மூன்றையும் ஒன்றாக விழுங்கிவிடுவார். வேலை நடுவே எழுந்து மாத்திரை தேட முடியாது என்பது அவர் கணக்கு. "வெறும் வயித்துல போட்டாத்தானே சார் மருந்து நல்லா ஏறும்?" என்று அவர் மனைவியும் கேட்டார்.

ஏறக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மாத்திரையையே கொடுக்கிறோம். இது இரத்தத்தில் கலந்து வேலை செய்வதில்லை. குடலில் உணவிலிருந்து பிரியும் பாஸ்பேட்டைப் பிடித்து, கரையாத உப்பாக்கி, மலத்தோடு வெளியே அனுப்புகிறது. உணவு இல்லாத குடலில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. அப்போது மாத்திரையிலுள்ள கால்சியம்தான் இரத்தத்தில் ஏறுகிறது. பாஸ்பரஸ் குறையாதது ஒரு நஷ்டம் என்றால், தேவையில்லாத கால்சியம் கூடியது இரண்டாவது நஷ்டம். அவருக்கு நடந்தது இதுதான்: பாஸ்பரஸ் 8.2, கால்சியம் 10.6.

மாத்திரையின் எண்ணிக்கையை நான் மாற்றவில்லை, நேரத்தை மட்டும் மாற்றினேன். அவருக்குக் காலையில் இரண்டு இட்லிதான். மதியம்தான் பெரிய சாப்பாடு: சோறு, பருப்பு, சில நாள் மீன். ஆகவே மதியத்துக்கு இரண்டு, இரவுத் தோசைக்கு ஒன்று. முதல் சில கவளம் இறங்கியதும் போட வேண்டும். இரவு குடித்த ஒரு டம்ளர் பாலையும் நிறுத்தினார். அடுத்த மாதம் பாஸ்பரஸ் 6.4, கால்சியம் 9.7. இன்னும் இறங்க வேண்டும் என்பதால் மதியத்துக்கு ஒன்றைக் கூட்டியிருக்கிறேன். அரிப்பு தணிந்து, இரவில் தூங்குகிறார்.

"டயாலிசிஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடாதா?"

எடுக்காது. உடலிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி எலும்பிலும் செல்களுக்குள்ளும் இருக்கிறது. இயந்திரம் இரத்தத்தில் இருப்பதை இழுத்த பிறகு, உள்ளிருப்பது மெதுவாகத்தான் வெளியே வருகிறது. நான்கு மணி நேரத்தில் சுமார் 800 மி.கி. போகலாம். வாரம் இரண்டு முறை என்றால் 1,600. உணவிலிருந்து நாளொன்றுக்கு 500, 600 மி.கி. உடலில் சேர்ந்தால் வாரத்துக்கு 4,000ஐ நெருங்குகிறது. மிச்சத்துக்கு உணவுக் கட்டுப்பாடும் இந்த மாத்திரையும்தான் வழி.

மிச்சம் தேங்கினால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஓயாமல் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகின்றன. எலும்பு வலிக்கிறது, சிறிய இடறலிலேயே முறிகிறது. இன்னொரு பக்கம், இரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போல மாறி, அங்கே சுண்ணாம்பைப் படிய வைக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் உப்பு படிந்து இறுகுவதைப் போலக் குழாய்கள் விறைத்து, அந்தச் சுமை இதயத்தின் மேல் விழுகிறது.

படிந்த சுண்ணாம்பை எந்த மாத்திரையும் கரைப்பதில்லை. மாத்திரை ஆயுளை இத்தனை ஆண்டு நீட்டும் என்று நிரூபித்த பெரிய ஆய்வும் இதுவரை இல்லை. ஏற்றத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. தாமதமாக வருபவர்களைப் பார்த்து நான் கலங்குவது அதனால்தான்.

எலும்பு வலிக்கு வீட்டு வைத்தியம்

எலும்பு வலி என்றதும் வீட்டில் பாலும் கேழ்வரகுக் கூழும் சத்துமாவும் கூடுகின்றன. அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் 200 மி.லி. பாலில் மட்டும் சுமார் 180 மி.கி. பாஸ்பரஸ் இருக்கிறது. ஒரு கால்சியம் அசிடேட் மாத்திரை பிடிப்பதோ சுமார் 30 மி.கி. பாலில் இருப்பதில் ஒரு பகுதிதான் உடலில் ஏறும் என்றாலும், ஒரு டம்ளர் பாலைச் சமாளிக்கவே மூன்று, நான்கு மாத்திரை வேண்டும்.

சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் என்று சொந்தமாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அவையும் கால்சியம்தான். உங்கள் இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்காமல் அதைக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் வாங்காதீர்கள். வயிறு எரிகிறது என்று வெள்ளை ஜெல் மருந்தைக் குடிப்பவர்களும் உண்டு. அவற்றில் பலவற்றில் அலுமினியம் இருக்கிறது. ஒரு காலத்தில் பாஸ்பேட்டைப் பிடிக்க அலுமினியத்தையே கொடுத்தார்கள். அது மூளையையும் எலும்பையும் கெடுத்தது தெரிந்த பிறகுதான் கால்சியம், செவலமர், லாந்தனம் பக்கம் மருத்துவம் திரும்பியது. கைவிட்ட நஞ்சைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? வலி மாத்திரையும் அப்படித்தான். கொஞ்சநஞ்சம் பிரியும் சிறுநீரோடு கொஞ்சம் பாஸ்பரஸும் போய்க்கொண்டிருக்கும். டைக்ளோபினாக் அந்த வழியையும் அடைத்துவிடும்.

"கோயில் இட்லிக்கு மாத்திரை போடணுமா?"

வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதத்தை உணவாக யாரும் கணக்கில் வைப்பதில்லை. உடலுக்கு அது அரிசியும் உளுந்தும்தான். உளுந்தில் பாஸ்பரஸ் உண்டு, மாவு புளிக்கும்போது அது குடல் எளிதில் ஈர்க்கும் வடிவத்துக்கு மாறுகிறது. ஒரு விள்ளல் வாயில் போட்டால் கவலையில்லை. வயிறு நிறையும் அளவு சாப்பிட்டால் அதுவும் ஒரு வேளை உணவு, மாத்திரை வேண்டும். கல்யாணப் பந்தியும் அப்படியே. கோலா பானமும் பதப்படுத்திய இறைச்சியும் வேண்டவே வேண்டாம். அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுவதும் உடலில் ஏறிவிடும்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்

மாத்திரையைச் சாமி அலமாரியில் வைக்காதீர்கள், சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். வெளியே போனால் சட்டைப் பையில் இரண்டு இருக்கட்டும். செவலமரை உடைக்காமல் முழுதாக விழுங்குங்கள். லாந்தனத்தை நன்றாக மென்று விழுங்குங்கள். சாப்பிட்டு முடித்த கையோடு நினைவு வந்தால் உடனே போடலாம். ஒரு மணி நேரம் கழிந்துவிட்டால் அந்த வேளையை விட்டுவிடுங்கள், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடாதீர்கள். இரும்புச்சத்து, தைராய்டு மாத்திரைகளை இதோடு சேர்க்காதீர்கள், அவற்றையும் இது பிடித்துவிடும். அவற்றை எந்த நேரத்தில் போடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மலச்சிக்கல், குமட்டல் என்று நீங்களே நிறுத்த வேண்டாம், சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது.

மாதம் ஒருமுறை பாஸ்பரஸ், கால்சியம், சில மாதத்துக்கு ஒருமுறை பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனை.

அம்மாமார்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோறு போடும்போது "மாத்திரை எங்கே?" என்று கேளுங்கள். அவர் தறியை விட்டு எழுந்து வரும் பசியில் அது நினைவில் இருக்காது.