நாலு காலும் நேராக நிற்க

உலு கிள்ளானில் உள்ள ஸூ நெகாரா 1963-இல் திறக்கப்பட்டது. அங்கே போனவர்கள் தாபிரைப் பார்த்திருப்பார்கள். தலையும் தோளும் கால்களும் கறுப்பு. தோளுக்குப் பின்னாலிருந்து பிட்டம்வரை வெள்ளை. இரண்டே நிறம், உருண்டையான உடம்பு என்பதால் குரோஷே பொம்மைக்கு ஏற்ற விலங்கு இது. ஆனால் நாலு காலில் நிற்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல்.

அமிகுருமி என்ற ஜப்பானியப் பொம்மை முறையில் உடல், தலை, கால் எல்லாவற்றையும் பெரும்பாலும் தனித்தனியே சுற்றிச் சுற்றிப் பின்னி, பஞ்சு அடைத்து, கடைசியில் தைத்துச் சேர்ப்பார்கள். பின்னல் எவ்வளவு சீராக இருந்தாலும், சேர்க்கும்போது முன்னங்கால் ஒரு பக்கமும் பின்னங்கால் வேறு பக்கமும் போய்விடுவது உண்டு. பார்ப்பவர் கண்ணுக்குத் தாபிர் இடுப்பைத் திருகிக்கொண்டு நிற்பதாகத் தெரியும். சரியாக எண்ணித்தானே வைத்தோம் என்று பின்னியவர் குழம்புவார். அவர் எண்ணியது சரிதான். கோணல் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கிறது.

குரோஷே கண்ணி ஒன்றின் மேல் ஒன்று நேராக உட்காருவதில்லை. வலது கைக்காரர் துணியைத் திருப்பாமல் தொடர்ந்து சுற்றிப் பின்னும்போது, ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றைவிட வலப்பக்கம் சற்றே நகரும். ஒரு சுற்றில் அது கண்ணுக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு சுற்று ஆனபின் சில கண்ணிகள் அளவுக்குச் சேர்ந்துவிடும். இடது கைக்காரருக்கு நகர்வு எதிர்ப்பக்கம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தாபிரின் உடலை நெஞ்சில் மேஜிக் ரிங்கில் தொடங்கி வால்வரை பின்னுகிறோம். ஆறாம் சுற்றில் 36 கண்ணி. பிறகு அதே அளவில் நீள்கிறது. முன்னங்கால்கள் 8-ஆம் சுற்றில், பின்னங்கால்கள் 20-ஆம் சுற்றில் வர வேண்டும். 8-ஆம் சுற்றில் வயிற்றின் நடு, 18-க்கும் 19-க்கும் இடையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20-ஆம் சுற்றுக்குள் மூன்று கண்ணி நகர்ந்திருந்தால், உண்மையான நடு 21-க்கும் 22-க்கும் இடையில் இருக்கும். அங்கேயும் 18, 19 என்றே வைத்தால் மூன்று கண்ணி பிசகும். 36 கண்ணி ஒரு முழு வட்டம் என்பதால் ஒரு கண்ணி 10 பாகை. ஆக, பின்னங்கால்கள் 30 பாகை திரும்பிவிடும். ஒன்று வயிற்றுக்கு அடியில் போகும், மற்றது விலாவில் ஏறும்.

இதற்கு வழி ஒரு துண்டு நூல். பஞ்சு அடைத்து உடலை மூடியபின், பளிச்சென்ற நிறத்தில் ஒரு நூலை மேஜிக் ரிங்கின் நடுவிலிருந்து வால் பக்கத்து முடிச்சுவரை இழுத்துப் பிடித்துக் குண்டூசியால் குத்துங்கள். அதுதான் வயிற்றுக்கோடு. பஞ்சு அடைத்தால் கண்ணிகள் விரியும். அதனால் வெறும் உடலில் கோடு போட்டால் பயனில்லை. இனி ஒவ்வொரு சுற்றிலும் இந்த நூலிலிருந்துதான் எண்ண வேண்டும், சுற்றின் தொடக்கத்திலிருந்து அல்ல. நூலுக்கு இருபுறமும் ஐந்தைந்து கண்ணி தள்ளிக் காலின் மையம். காலின் வாய் 12 கண்ணி என்றால், வட்டமாக வைக்கும்போது ஏறக்குறைய நாலு கண்ணி அகலத்தை அடைக்கும். இரு கால்களுக்கும் நடுவே ஆறு கண்ணி இடைவெளி மிஞ்சும். எட்டாம் சுற்றிலும் இருபதாம் சுற்றிலும் இதே கணக்கு.

தலைக்கு வேறு உத்தி. உடலின் மூன்றாம் சுற்றில் 18 கண்ணி இருக்கும். தலையின் வாயையும் 18 கண்ணியில் முடித்தால், கண்ணிக்குக் கண்ணி தைக்கலாம். தலை ஒரு பக்கம் சாயாது. பார்வை நேராக இருக்கத் தலையின் நடுவை இரண்டு கண்களுக்கும் மத்தியில் பிடித்து, அதற்கு நேர் கீழே தாடைப் பக்கத்தை வயிற்றுக்கோட்டுடன் பொருத்துங்கள். தலை வைத்தபின் மேஜிக் ரிங் மறைந்துவிடும். ஆகவே நூலை முதலில் இழுங்கள், தலையைப் பிறகு தையுங்கள்.

கால்களைத் தைக்கும்போதும் அவசரம் கூடாது. நாலையும் குண்டூசியால் குத்திவிட்டு முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் கோணல் சட்டென்று தெரியும். பிறகு ஒவ்வொரு காலையும் மேல், கீழ், இடம், வலம் என நாலு இடத்தில் ஒவ்வொரு தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். நேரே சுற்றித் தைத்தால் நூல் ஒரே திசையில் இழுத்து, காலை மெல்லத் திருப்பிவிடும். தைப்பதற்காக, காலைப் பின்னி முடிக்கும்போதே 30 சென்டிமீட்டர் நூல் விட்டு அறுங்கள்.

ஒவ்வொரு காலிலும் கடைசி இரண்டு கண்ணியை மூடாமல் விட்டு, மேசையில் நிறுத்திப் பாதத்தின் அடியில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் தாராளமாகப் போகிற கால் தரையைத் தொடவில்லை. தைத்த இடம் சரியாக இருந்தும் இப்படி நேர்ந்தால், அந்தக் காலில் பஞ்சு குறைவு என்று பொருள். தையலைப் பிரிக்க வேண்டாம், அந்த இரண்டு கண்ணியை மூடுமுன் கொஞ்சம் பஞ்சு சேர்த்தால் போதும். குழந்தை கைக்குப் போகிற பொம்மை என்றால், குத்திய குண்டூசிகளை எண்ணி வைத்து, முடித்தபின் அத்தனையும் திரும்ப வந்ததா என்று மறக்காமல் சரிபார்த்துவிடுங்கள்.