வாடகை ரசீது சொல்லும் கணக்கு

ஜனவரி பிறந்துவிட்டால் அலுவலகங்களின் கணக்குப் பிரிவிலிருந்து இளம் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்துவிடும். வாடகை ரசீதுகளையும் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணையும் குறிப்பிட்ட தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். முதல் வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத ஒருவருக்கு, எதற்காக இந்த ரசீது, இதனால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை யாரும் விளக்குவதில்லை. நண்பர் கொடுத்த மாதிரியைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். ஆனால், சம்பளச் சீட்டு ஒன்றும் வாடகை ரசீதும் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் தாமே போட்டுவிடக்கூடிய கணக்குதான் இது.

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தனியார் நிறுவனம் ஒன்றின் புதுக்கோட்டைக் கிளையில் அவருக்கு வேலை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதங்கள் அரிமளத்தில் தந்தையின் வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வந்தார். ஜூலையில் சென்னைக்கு மாற்றல் கிடைத்தது. வேளச்சேரியில் மாதம் 14,000 ரூபாய் வாடகைக்குச் சிறிய வீடு ஒன்றில் குடியேறினார். அவருடைய சம்பளச் சீட்டில் அடிப்படை ஊதியம் 30,000, வீட்டு வாடகைப்படி 15,000, சிறப்புப்படி 20,000 என மாதம் 65,000 ரூபாய் காட்டப்பட்டுள்ளது. ஆண்டுக்கு 7,80,000 ரூபாய்.

வீட்டு வாடகைப்படி என்ற பெயரில் வரும் தொகை முழுவதற்கும் வரி கிடையாது என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. வருமான வரிச் சட்டத்தின் 10(13ஏ) பிரிவும், 1962ஆம் ஆண்டு விதிகளில் 2ஏ விதியும் மூன்று தொகைகளைக் கணக்கிடச் சொல்கின்றன. முதலாவது, உண்மையில் பெற்ற வாடகைப்படி. இரண்டாவது, கொடுத்த வாடகையிலிருந்து ஊதியத்தில் பத்து விழுக்காட்டைக் கழித்தால் கிடைக்கும் தொகை. மூன்றாவது, குடியிருக்கும் வீடு சென்னை, மும்பை, கொல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களில் ஒன்றில் இருந்தால் ஊதியத்தில் 50 விழுக்காடு. வேறு எந்த ஊராக இருந்தாலும் 40 விழுக்காடு. இம்மூன்றில் எது குறைவோ அதற்கு மட்டுமே விலக்கு.

இங்கே ஊதியம் என்பது கையில் வரும் மொத்தச் சம்பளம் அன்று. அடிப்படை ஊதியமும், ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் அகவிலைப்படியும், விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காடாகத் தரப்படும் தரகுத் தொகையும் மட்டுமே அதில் சேரும். சிறப்புப்படியும் ஊக்கத்தொகையும் சேரா. நம் எடுத்துக்காட்டில் இருப்பவருக்கு அகவிலைப்படி இல்லை. ஆகவே 30,000 ரூபாய்தான் அடிப்படை.

இப்போது கணக்கைப் போடுவோம். சென்னையில் இருந்த ஒரு மாதத்துக்கு, பெற்ற வாடகைப்படி 15,000. வாடகை 14,000இல் ஊதியத்தின் பத்து விழுக்காடான 3,000ஐக் கழித்தால் 11,000. சென்னை என்பதால் ஊதியத்தில் பாதி 15,000. மூன்றில் குறைந்தது 11,000. ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதங்களுக்கு விலக்கு 99,000 ரூபாய். அரிமளத்தில் இருந்த மூன்று மாதங்களில் வாடகை ஏதும் கொடுக்கவில்லை என்பதால் விலக்கும் இல்லை. அப்போது பெற்ற 45,000 ரூபாய் வாடகைப்படி முழுவதும் வரிக்கு உட்பட்டது.

பலர் சறுக்கும் இடம் இதுதான். ஆண்டு முழுவதற்கும் ஒரே கணக்காகப் போட்டால், மொத்த வாடகை 1,26,000இல் ஆண்டு ஊதியமான 3,60,000இன் பத்து விழுக்காட்டை, அதாவது 36,000ஐக் கழித்து, விலக்கு 90,000 என்று விடை வரும். 9,000 ரூபாய் குறைந்துவிடுகிறது. அந்த வீட்டில் குடியிருந்த காலத்துக்குரிய ஊதியத்தையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே விதி. ஊர், வாடகை, ஊதியம் ஆகியவற்றில் எது மாறினாலும் அந்த மாதத்திலிருந்து புதிய கணக்கு தொடங்குகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நகர வகைப்பாட்டிலும் ஒரு குழப்பம் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கு வாடகைப்படி எவ்வளவு தருவது என்பதற்காக நகரங்கள் எக்ஸ், ஒய், இசட் என்று பிரிக்கப்பட்டுள்ளன. அதில் பெங்களூரும் ஐதராபாதும் சென்னையோடு சேர்ந்து முதல் வகையில் உள்ளன. ஆனால், அது படியின் அளவைத் தீர்மானிக்கும் பட்டியல். 2025-26 நிதியாண்டுக்கான வரி விலக்குக் கணக்கில் மேலே சொன்ன நான்கு நகரங்களுக்கு மட்டுமே 50 விழுக்காடு. பெங்களூரில் குடியிருப்பவருக்கும் அரிமளத்தில் குடியிருப்பவருக்கும் ஒரே 40 விழுக்காடுதான். மேலும், அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது கேள்வியே அன்று. வீடு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு செங்கல்பட்டு மாவட்டத்தின் கூடுவாஞ்சேரியில் குடியிருப்பவர் 40 விழுக்காடு என்றே கணக்கிடுவது பாதுகாப்பானது. வாடகை மிதமாக இருக்கும்போது இரண்டாவது தொகைதான் பெரும்பாலும் குறைவாக வரும் என்பதால், இந்த வேறுபாட்டால் விடை மாறாமலும் போகலாம்.

அடுத்து ரசீது. அதில் வாடகைதாரர் பெயர், வீட்டு முகவரி, மாதம், தொகை, உரிமையாளரின் பெயர், கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். உரிமையாளருக்கு நம் ஊழியர் மாதந்தோறும் அனுப்புவது 15,200 ரூபாய் என்றும், அதில் 1,200 ரூபாய் மின்கட்டணம் என்றும் வைத்துக்கொண்டால், ரசீதில் வாடகையாக 14,000 மட்டுமே இடம்பெற வேண்டும். விடுதியில் தங்குவோர் உணவுக்கான தொகையைத் தனியே பிரித்துக் காட்டச் சொல்லி ரசீது பெறுவது நல்லது. நண்பர்களோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவர் தம் பங்குக்கு மட்டுமே ரசீது காட்டலாம். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், படிவம் 12பிபியில் உரிமையாளரின் பான் எண்ணைக் குறிப்பிட வேண்டும். அவருக்குப் பான் இல்லையெனில், பெயரும் முகவரியும் அடங்கிய உறுதிமொழியை அவரிடமிருந்து பெற்றுத் தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வாடகை 1,26,000 என்பதால் இந்த நிபந்தனை பொருந்தும். பணத்தை வங்கி வழியாகவே செலுத்தினால் ரசீதுக்குத் துணையாக வலுவான சான்று ஒன்று கிடைத்துவிடும்.

இந்த இடத்தில்தான் ஒரு விபரீத யோசனை முன்வைக்கப்படுகிறது. ‘அப்பாவிடம் அரிமளம் வீட்டுக்கு ரசீது வாங்கிக் கொடுத்துவிடு’ என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். பெற்றோருக்கு வாடகை கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால், மகள் அந்த வீட்டில் உண்மையிலேயே குடியிருக்க வேண்டும். பணம் உண்மையிலேயே கைமாற வேண்டும். தந்தை அதைத் தம் வருமானமாகக் கணக்கில் காட்ட வேண்டும். சென்னையில் வசித்துக்கொண்டு அரிமளம் வீட்டுக்கு ரசீது தருவதும், வாடகை கொடுக்காத மூன்று மாதங்களுக்குப் பிறகு உட்கார்ந்து ரசீது எழுதுவதும் பொய்க் கணக்கு. கொடுக்கப்பட்ட பான் எண்ணுக்குரியவரின் கணக்கில் அந்த வாடகை வருமானம் இல்லாவிட்டால் வரித் துறைக்கு அது தெரிந்துவிடும். வருமானத்தைத் திரித்துக் காட்டியதாக முடிவானால், ஏய்த்த வரியின் மீது 200 விழுக்காடு வரை அபராதம் விதிக்க 270ஏ பிரிவில் இடமுண்டு.

அந்த ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதில் பயன் ஏதும் உண்டா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வாடகைப்படி விலக்கு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு; புதிய முறையில் இல்லை. 2023-24 முதல் புதிய முறையே இயல்பான முறை. ஊழியர் தெரிவு செய்யாவிட்டால் அதுவே பொருந்தும்.

நம் ஊழியரின் வருமானத்தை இரண்டு முறைகளிலும் வைத்துப் பார்ப்போம். பழைய முறையில் 7,80,000இலிருந்து வாடகைப்படி விலக்கு 99,000, நிலையான கழிவு 50,000, வருங்கால வைப்பு நிதிக்கு அவர் செலுத்தும் 43,200 ஆகியவற்றைக் கழித்தால் வரிக்குரிய வருமானம் 5,87,800. அதற்கு வரி 30,060. நான்கு விழுக்காடு கூடுதல் வரியும் சேர்த்தால் ஏறத்தாழ 31,260 ரூபாய். புதிய முறையில் நிலையான கழிவு 75,000ஐ மட்டும் கழித்தால் வருமானம் 7,05,000. 2025-26 நிதியாண்டில், புதிய முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவின்படி வரித் தள்ளுபடி இருப்பதால், அவர் கட்ட வேண்டிய வரி சுழியம். ஒரு ரசீதும் தேவையில்லை.

ஆக, ரசீதுகளை ஒப்படைத்துப் பழைய முறையைத் தெரிவு செய்தால், விலக்குப் பெற்ற நிறைவோடு அவர் 31,260 ரூபாயை இழக்கிறார். போலி ரசீது எழுதும் இளைஞர் பலர், கட்ட வேண்டியே இராத வரியைக் குறைப்பதற்காகக் குற்றம் செய்துகொண்டிருக்கக்கூடும்.

அப்படியானால் இந்த விலக்கு யாருக்கு உதவும்? ஆண்டுச் சம்பளம் 18 லட்சம், அதில் அடிப்படை ஊதியம் 9 லட்சம் என்று கொள்வோம். புதிய முறையில் வரி 1,45,000. கூடுதல் வரி தனி. பழைய முறையில் இதே வரி வர வேண்டுமானால், நிலையான கழிவு உட்பட சுமார் 6,92,000 ரூபாய்க்குக் கழிவுகள் இருக்க வேண்டும். நிலையான கழிவு 50,000, சேமிப்புக்கான 80சி கழிவு 1,50,000 போக, ஏறத்தாழ 4,92,000 தேவை. சென்னையில் குடியிருந்தாலும் வாடகைப்படி விலக்கின் உச்சவரம்பு ஊதியத்தில் பாதியான 4,50,000தான். பெற்றோரின் மருத்துவக் காப்பீடு போன்ற வேறு கழிவும் சேர்ந்தால்தான் பழைய முறை இலாபமாகும். அந்த உச்சவரம்பை எட்டுவதற்கே மாதம் 45,000 ரூபாய் வாடகை கொடுக்க வேண்டும்.

அலுவலகத்தில் ஏற்கெனவே பழைய முறையைத் தெரிவு செய்து வரி பிடித்தம் தொடங்கிவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. தொழில் வருமானம் இல்லாத ஊழியர், கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொண்டு, பிடித்தம் செய்த வரியைத் திரும்பப் பெறலாம். பழைய முறையை நாடுபவர்தான் உரிய கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதித்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

கணக்குப் பிரிவின் மின்னஞ்சல் வந்தவுடன் ரசீதுப் புத்தகத்தைத் தேட வேண்டாம். முதலில் புதிய முறையில் வரி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால், வேளச்சேரி வீட்டு உரிமையாளரிடம் பான் எண் கேட்டு மனத்தாங்கல் கொள்ள வேண்டிய தேவையே எழாது.