‘வாங்கணும்’ என்றால் யார் வாங்கணும்?

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். சங்கச் செயலாளரான முதல் மாதம், கூட்டத்தில் நான் நோட்டில் கிறுக்கியது இது:

“போர் மோட்டார் மறுபடி மக்கர். புதுசே வாங்கிடலாம் – பி3 சார். ஏ1 மாமி: போன வருஷம்தானே காயில் கட்டினோம்? ரொம்ப நேரம் வாக்குவாதம். 45 ஆயிரத்துக்குள்ள முடிக்கணும். மூணு கொட்டேஷன் வாங்கணும். எல்லாரும் சரின்னாங்க.”

இதைக் கொஞ்சம் செந்தமிழாக்கி, “மூன்று விலைப்புள்ளிகள் பெறப்படும்” என்று மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றினேன். பத்து நாள் கழித்தும் ஒரு கொட்டேஷன்கூட வரவில்லை. பொருளாளர் நான் வாங்குவேன் என்று இருந்தார், நான் அவர் வாங்குவார் என்று இருந்தேன். அதற்குள் மோட்டார் முழுக்க நின்று, தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்தோம்.

பேச்சுத் தமிழில் ‘வாங்கணும்’ என்றால் போதும், யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘வாங்கலாம்’ என்பது யோசனையாகவும் இருக்கும், சம்மதமாகவும் இருக்கும். எழுத்துத் தமிழின் ‘பெறப்படும்’ இன்னும் மோசம்: கேட்க முறையாக இருக்கிறது, ஆளைச் சுத்தமாக மறைத்துவிடுகிறது.

இப்போது நான் செய்வது வேறு. கூட்டம் முடிந்த அன்றிரவே நோட்டை எடுத்து, ‘லாம்’, ‘ணும்’ வருகிற இடமெல்லாம் கோடிடுவேன். ‘லாம்’ என்றால் அது முடிவானதா, ஒருவர் சொன்ன யோசனை மட்டும்தானா? ‘ணும்’ என்றால் யார், எந்தத் தேதிக்குள்? நோட்டில் பதில் இல்லையென்றால் உரியவரைக் கூப்பிட்டுக் கேட்பேன். நானாக ஒரு பெயரைப் போட்டுவிட மாட்டேன். கூட்டத்தில் ஒப்புக்கொள்ளாத வேலையைத் தாளில் பார்க்கிறவர் அதைச் செய்வதில்லை, சண்டைக்குத்தான் வருவார்.

‘எல்லாரும் சரின்னாங்க’ என்ற வரிதான் என்னை அதிகம் படுத்தியது. எதற்குச் சரி? விசாரித்தால், கொட்டேஷன் வாங்குவதற்கும் 45 ஆயிரம் உச்சவரம்புக்கும் மட்டும் சரி சொல்லியிருக்கிறார்கள். புது மோட்டாரா, மறுபடி காயில் கட்டுவதா என்பது முடிவாகவே இல்லை. முடிவாகாததையும் எழுத வேண்டும். அதே குறிப்பு பிறகு இப்படி ஆனது:

“பொருள் 2: ஆழ்துளைக் கிணற்று மோட்டார்.
தீர்மானம்: செலவு ரூ.45,000-க்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒருமனதாக ஏற்கப்பட்டது.
நிலுவை: புதியது வாங்குவதா, பழுது பார்ப்பதா என்பது விலைப்புள்ளிகளைப் பார்த்து அடுத்த கூட்டத்தில் முடிவாகும்.
பொறுப்பு: பொருளாளர், புதிய மோட்டாருக்கும் பழுதுக்கும் தனித்தனி விலையுடன் மூன்று விலைப்புள்ளிகளை 18ஆம் தேதிக்குள் செயலாளரிடம் தருவார்.”

புத்தகத்தில் பொருளாளர் என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதினேன். ‘கமிட்டி’ என்று எழுதினால் மறுபடி யாருமில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையானாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவராக இருக்கட்டும். வாக்குவாதத்தில் யார் என்ன சொன்னார் என்பது மினிட்ஸில் வேண்டாம். தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லி ஒருவர் கேட்டால் மட்டும், அவர் பெயரோடு ஒரு வரி.

வரைவை இரண்டு நாளுக்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறேன். ஞாபகம் மங்குவதற்குள் போனால்தான் திருத்தம் வரும். அந்த முறை ஏ1 மாமியிடமிருந்து வந்தது: “45-ல பிளம்பர் கூலியும் சேர்த்தி, எழுதிக்கோங்கோ.” மற்றவர்களிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு, ‘கூலி உட்பட’ என்று சேர்த்தேன். அடுத்த கூட்டத்தில் வாசித்து, தலைவர் கையெழுத்துப் போட்டார்.