சாலைப் பலகையில் ஏறிய விடுப்பு அஞ்சல்

2008-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ஸ்வான்ஸீ நகராட்சி ‘கனரக வாகனங்கள் நுழையக் கூடாது’ என்ற அறிவிப்பை வெல்ஷ் மொழியில் பெயர்த்துத் தரும்படி மின்னஞ்சல் அனுப்பியது. உடனே வெல்ஷில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் எழுதி நட்டுவிட்டார்கள். அதில் இருந்ததோ, ‘நான் இப்போது அலுவலகத்தில் இல்லை; மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்புங்கள்’ என்பதுதான். விடுப்பில் இருந்தவரின் தானியங்கிப் பதில் அது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்திருந்தால் பலகை தப்பியிருக்கும்.

பொங்கல் விடுப்புக்கு எழுதுவதானால் இவ்வளவு போதும்: ‘இது தானியங்கிப் பதில். ஜனவரி 14 முதல் 18 வரை விடுப்பில் இருக்கிறேன். 19-ம் தேதி திங்கள் காலை பணிக்குத் திரும்புவேன். அவசரமென்றால் கணக்குப் பிரிவின் இந்த எண்ணை அழையுங்கள்.’ கீழே இதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். கீழே ஆங்கிலம் உண்டு என்பதை முதல் வரியிலேயே ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள்.

மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்றால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. தேதியை மாற்றினால் இரு மொழியிலும் மாற்றுங்கள். ஒன்று விடுபடுவதுதான் வழக்கமான பிழை.

மாற்று எண்ணுக்கு உரியவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவரும் அதே வாரம் விடுப்பில் இருந்தால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.