உர மூட்டையில் நைட்ரஜன் எவ்வளவு?

தோட்டத்து உரக் கொட்டகையில் கிடக்கும் யூரியா மூட்டையின் மேல் நைட்ரஜன் 46 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். அம்மோனியம் சல்பேட் மூட்டையின் மேல் 21 என்றிருக்கும். நூறு பங்கு எடையுள்ள உரத்தில் நைட்ரஜன் எத்தனை பங்கு எடை என்பதே இவ்வெண்களின் பொருள். ஒரு சேர்மத்தில் ஒரு தனிமத்தின் எடை விழுக்காடு என வேதியியல் பாடத்தில் கூறப்படுவதும் இதுவேயாம்.

யூரியாவின் வாய்பாடு CO(NH₂)₂. இதில் நைட்ரஜனின் எடை விழுக்காடு யாதெனக் கேட்டால் மாணவர் சிலர் 25 என்பர். கார்பன் 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஐதரசன் 4, ஆக அணுக்கள் எட்டு. எட்டில் இரண்டு கால் பங்கு என்பது அவர்தம் கணக்கு. கேட்டது எடை, அவர்கள் சொன்னதோ எண்ணிக்கை. ஒரு நைட்ரஜன் அணு பதினான்கு ஐதரசன் அணுக்களின் எடைக்கு ஈடானது என்பதை அவர்கள் மறந்தனர்.

முறையான கணக்கைக் காண்போம். அணு எடைகள் கார்பன் 12, ஆக்சிஜன் 16, நைட்ரஜன் 14, ஐதரசன் 1. அடைப்புக்கு வெளியே உள்ள 2 உள்ளிருக்கும் இரு தனிமங்களையும் பெருக்கும். ஆகவே நைட்ரஜன் 28, ஐதரசன் 4. மூலக்கூறு எடை 12 + 16 + 28 + 4 = 60. நைட்ரஜனின் பங்கு 28 / 60 × 100 = 46.7 விழுக்காடு.

அந்த 2 ஐதரசனை மட்டுமே பெருக்கும் எனக் கொண்டவர்க்கு 14 / 46, அதாவது 30.4 வரும். எனவே தவறான விடையைப் பார்த்தே மாணவன் எங்கே வழி தவறினான் என்று ஆசிரியர் அறியலாம்.

எல்லாத் தனிமங்களின் விழுக்காட்டையும் கூட்டி, நூறு வந்தால் விடை சரி என்று கற்பிப்பதுண்டு. இச்சோதனையை முழுதும் நம்பலாகாது. அணுக்களை எண்ணிய மாணவனுக்கும் 12.5, 12.5, 25, 50 என்று கூட்டினால் நூறே வருகிறது. கூட்டல், வகுத்தல் பிழைகளையே அது காட்டும். கருத்துப் பிழையைக் காட்டாது. மாறாக, சரியான விடைகளான 20.0, 26.7, 46.7, 6.7 ஆகியவற்றைக் கூட்டினால் 100.1 வரும். அது தசமத்தை முழுமையாக்கியதால் வந்த மிகுதி, பிழையன்று.

அம்மோனியம் சல்பேட்டிலும், (NH₄)₂SO₄, நைட்ரஜன் அணுக்கள் இரண்டுதான். ஆனால் அதன் மூலக்கூறு எடை 132. எனவே 28 / 132 × 100 = 21.2 விழுக்காடு. ஐம்பது கிலோ மூட்டையில் யூரியா 23 கிலோ நைட்ரஜன் தர, இது பத்தரைக் கிலோவே தருகிறது. யூரியா ஒரு மூட்டை தரும் நைட்ரஜனைப் பெற இதில் இரண்டு மூட்டைக்கு மேல் வேண்டும்.

கணக்கில் 46.7 வர, மூட்டையில் 46 என்றிருப்பது ஏன்? வாய்பாடு தூய பொருளுக்கே உரியது. விற்பனை உரத்தில் சிறிது ஈரமும், தயாரிப்பில் உண்டாகும் பையூரெட் என்னும் துணைப் பொருளும் கலந்திருக்கும். ஆகவே வாய்பாடு தரும் எண்ணே மேல் எல்லை. தூய யூரியா என்று சொல்லி 48 விழுக்காடு எனக் குறித்திருந்தால், அக்குறிப்பு பொய்யென மூட்டையைப் பிரிக்காமலே கூறலாம்.